போட்டோவில் விழும் பட்டையும் ஒரு சிட்டிகைப் பொடியும்

பழைய போட்டோவை ஸ்கேன் செய்து, கறைகளை எடுத்து, பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டுவது இப்போது எல்லார் வீட்டிலும் நடக்கிறது. அப்படி மாட்டிய படங்களைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். முகம் பளிச்சென்று இருக்கும். ஆனால் பின்னால் இருக்கும் சாம்பல் திரையில், தலையைச் சுற்றி, மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள் மாதிரி மங்கலான பட்டைகள் தெரியும். மாலை வானத்தைப் பிடித்த படங்களிலும் இதைப் பார்க்கலாம். வெளிச்சம் மெல்ல மெல்ல மங்கிப் போகவேண்டிய இடத்தில் படிக்கட்டு மாதிரி இறங்கும். ஆங்கிலத்தில் இதை ‘பேண்டிங்’ என்கிறார்கள். நாம் பட்டை விழுதல் என்று வைத்துக்கொள்வோம்.

போன வருஷம் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இப்படி ஒரு படத்தோடு வந்தார். அவர் மனைவி தவறிப்போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. வருஷ நினைவு நாளுக்கு மாட்டுவதற்காக, கல்யாணமான புதிதில் ஸ்டூடியோவில் எடுத்த போஸ்ட்கார்டு அளவுப் படத்தை ஒரு கடையில் கொடுத்துப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலமாகப் போட்டிருந்தார். அந்த அம்மாளுக்கு இருந்த ஒரே தனிப் படம் அதுதான். மற்றதெல்லாம் கூட்டத்தோடு நின்றது.

“முகம் அவ முகமாத்தான் இருக்கு சார். ஆனா தலையைச் சுத்தி வட்டம் வட்டமா நிக்குது பாருங்க, கிணத்துல கல்லைப் போட்ட மாதிரி. வர்றவங்க எல்லாம் அந்த வட்டத்தைத்தான் பாப்பாங்க” என்றார்.

கடையில் கொடுத்த ஃபைலையும் கொண்டு வந்திருந்தார். திறந்து பார்த்ததும் நடந்தது புரிந்துவிட்டது. அதைச் சொல்லுமுன் கணினி சாயலை எப்படி எண்ணுகிறது என்று ஒரு வார்த்தை.

நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் ஜேபெக் படத்தில் கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255. இடையில் உள்ள சாம்பல் எல்லாவற்றையும் சேர்த்து மொத்தம் 256 படிகள்தான். இதை 8 பிட் என்பார்கள். கேட்கும்போது தாராளமாகத் தோன்றும். முகம், புடவை, மரம், கூட்டம் போன்றவற்றுக்கு இது தாராளம்தான். மெல்ல மாறும் வெற்றுப் பரப்புக்குத்தான் போதாது. இந்தப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்திரை தலைக்குப் பக்கத்தில் 62 என்ற சாம்பலாகவும், மேல் மூலையில் 50 என்ற சாம்பலாகவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடைவெளி பெரிய பிரதியில் ஏழு அங்குலம். அந்த ஏழு அங்குலத்துக்குக் கணினியிடம் இருப்பது பன்னிரண்டு படி. ஆகவே ஒவ்வொரு படியும் கிட்டத்தட்ட ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரே சாயலாக நீண்டு, பிறகு சட்டென்று அடுத்ததற்கு இறங்கும். அதுதான் பட்டை.

ஒரே ஒரு படி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்கலாம். தனித்தனியாக இரண்டு தாளில் காட்டினால் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வம்பு. இரண்டு சாயல் சந்திக்கும் விளிம்பில், வெளிச்சமான பக்கத்தை இன்னும் வெளிச்சமாகவும் இருண்ட பக்கத்தை இன்னும் இருட்டாகவும் நம் கண் காட்டும். எர்ன்ஸ்ட் மாக் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1865-லேயே இதை எழுதி வைத்தார். அவர் பெயரில் இதற்கு மாக் பட்டை என்று பெயர். விளிம்பை அடையாளம் கண்டுகொள்ள இயற்கை கொடுத்த வசதி, இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. பட்டை தெரிகிற படம் கையில் இருந்தால், இரண்டு பட்டைகள் சேரும் கோட்டின் மேல் ஒரு பென்சிலைப் படுக்கவைத்துப் பாருங்கள். வித்தியாசம் லேசானதாக இருந்தால் கோடு மறைந்ததும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே தெரியும்.

கடைக்காரர் கொடுத்த ஃபைலில் இதைவிட மோசமாக இருந்தது. அதை ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் திறந்தேன். நிறம் எடுக்கும் கருவியால் பின்திரையை மூலையிலிருந்து தலை நோக்கித் தொட்டுக்கொண்டே வந்தால் எண்கள் 76, 76, 76 என்று நீண்டு, திடீரென்று 78 ஆனது. பிறகு 80. இடையில் 77-ம் இல்லை, 79-ம் இல்லை. ஹிஸ்டோகிராம் வரைபடம் பல் உடைந்த சீப்பு மாதிரி இருந்தது. அதாவது, பூஞ்சைக் கறையை மறைக்கப் பின்திரையை முதலில் நன்றாக மங்கலாக்கியிருக்கிறார்கள். அப்போது பன்னிரண்டு படியாக நின்றது. பிறகு படம் இருட்டாக இருக்கிறது என்று வெளிச்சத்தை ஏற்றியிருக்கிறார்கள். பன்னிரண்டு படியை இருபத்துநாலு அளவுக்கு இழுத்தால் புதுப் படிகள் முளைக்காது. இருக்கிற பன்னிரண்டே தள்ளித் தள்ளி நிற்கும். ஒவ்வொன்றும் இப்போது இரட்டை உயரம்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். ஸ்டூடியோக்காரர் கொடுத்த அசல் பிரதியில் பட்டையே கிடையாது. அதே ஸ்கேனர், அதே 8 பிட்டில் வெறுமனே ஸ்கேன் செய்து பார்த்தாலும் பட்டை தெரியாது. காரணம் ஃபிலிம் கிரெயின். வெள்ளி உப்பு மணிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடப்பதால் உண்டாகும் அந்தப் பொடிப் பொடியான சொரசொரப்பு எந்த விளிம்பையும் நேராக நிற்க விடாது. மங்கலாக்கும்போது கறையோடு சேர்த்து அந்தக் கிரெயினும் வழித்துத் துடைக்கப்பட்டுவிட்டது. பரப்பு வழுவழுவென்று ஆனதும் படிகள் அம்மணமாகத் தெரிய ஆரம்பித்தன. ஆகவே கிரெயின் அழுக்கு என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

வைத்தியமும் அதிலிருந்தே கிடைக்கிறது. துடைத்ததற்கு ஈடாகக் கொஞ்சம் பொடியை, அதாவது ஒழுங்கில்லாத மிக மெல்லிய ‘நாய்ஸ்’ என்பதை, திரும்பத் தூவ வேண்டும். ஆனால் எந்தக் கட்டத்தில் தூவுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணக்காகச் சொன்னால் சுலபமாகப் புரியும்.

பின்திரையில் ஓர் இடத்தின் உண்மையான சாயல் 54.3 என்று வையுங்கள். 8 பிட்டில் பின்னம் கிடையாது. எனவே அந்த இடம் முழுக்க 54 என்றே பதிவாகும். அந்த .3 போயே போச்சு. இப்போது, முழு எண்ணாக மாற்றுவதற்கு முன்னால், ஒவ்வொரு புள்ளியோடும் அரைப் படிக்கு உட்பட்ட ஏதோ ஓர் அளவைச் சீட்டுக் குலுக்கின மாதிரி கூட்டியோ கழித்தோ விடுகிறோம். பிறகு முழு எண்ணாக்கினால், நூறு புள்ளிகளில் சுமார் எழுபது 54 ஆகவும் முப்பது 55 ஆகவும் விழும். சராசரி எடுத்துப் பாருங்கள்: 54.3. தொலைந்துபோன பின்னம் புள்ளிகளின் கலவையாகத் திரும்ப வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளி 54.6 உள்ள இடத்தில் நாற்பதும் அறுபதுமாக விழும். இப்படி 54-லிருந்து 55-க்குப் போவது ஒரு கோட்டைத் தாண்டுவதாக இல்லாமல், புள்ளிகள் மெல்ல மெல்ல அடர்வதாக மாறிவிடுகிறது. அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி அச்சில் கண்ணால் அவற்றைத் தனியாகப் பிரிக்க முடியாது. சராசரிதான் தெரியும். செய்தித்தாள் படத்தை லென்ஸில் பார்த்தால் வெறும் கறுப்புப் புள்ளிகள், தள்ளிப் பிடித்தால் சாம்பல். அதே சங்கதிதான்.

முதலில் 8 பிட்டுக்கு மாற்றிவிட்டுப் பிறகு தூவினால் என்ன? 54.3-ம் 54.4-ம் ஏற்கெனவே 54 ஆகிவிட்டன. இப்போது தூவினால் ஒரு பட்டை முழுவதும் 54-ஐச் சுற்றியும், அடுத்த பட்டை முழுவதும் 55-ஐச் சுற்றியும் சிதறும். பொடிக்கு அடியில் பழைய படி அப்படியே இருக்கும். அதை மறைக்க இன்னும் இன்னும் அள்ளிப் போட வேண்டிவரும். படம் மணல் கொட்டின மாதிரி ஆகும்.

இது போட்டோக்காரர்கள் கண்டுபிடித்த யுக்தி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த லாரன்ஸ் ராபர்ட்ஸ் என்பவர், டெலிவிஷன் படத்தைக் குறைந்த பிட்டில் அனுப்புவது பற்றி 1962-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். படிகளைக் குறைத்தால் முகத்தில் வரைபடக் கோடு மாதிரிப் பட்டை விழுகிறது. அனுப்புமுன் நாய்ஸைக் கூட்டி, வாங்கும் இடத்தில் அதே நாய்ஸைக் கழித்தால் எட்டே சாயல்களில்கூட முகம் முகமாகத் தெரியும் என்று அவர் காட்டினார். பிற்பாடு இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பை உருவாக்கியதில் தலைமை வகித்தவரும் இவரே.

சரி, தலைமையாசிரியர் படத்துக்கு வருகிறேன். கடைக்காரர் ஃபைலைச் சீர்செய்ய நான் முயலவில்லை. அசல் பிரதி பத்திரமாக இருக்கும்போது எதற்கு? அதையே புதிதாக 1200 டிபிஐயில், ஸ்கேனர் மெனுவில் `48-bit Color` என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து எடுத்தேன். அது ஒரு நிறத்துக்கு 16 பிட். 8 பிட்டின் ஒவ்வொரு படிக்குள்ளும் 256 குட்டிப் படிகள் இருக்கும். இதை டிஃப் ஃபைலாகத்தான் சேமிக்க வேண்டும். ஜேபெக்காகச் சேமித்தால் அந்த நிமிஷமே 8 பிட்டாகிவிடும்.

ஜிம்பில் திறந்ததும் `Image > Precision` மெனுவில் 16 பிட் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பூஞ்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். இரண்டு சாயங்காலம் ஆனது. பின்திரையில் மேல் மூலை மட்டும் முழுக்கப் பாழாகியிருந்ததால், திரையை மட்டும் தேர்ந்தெடுத்து மங்கலாக்கினேன். முகத்திலும் தலைமுடி ஓரத்திலும் கை வைக்கவில்லை. பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். எல்லாம் 16 பிட்டில் நடந்ததால் சீப்பில் பல் உடையவில்லை.

அத்தோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 16 பிட்டில் வேலை செய்தால் பட்டை வராது என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. லேபுக்கு ஜேபெக் கொடுக்கிற நேரத்தில் எல்லாம் 256 படிக்குள் வந்தே ஆக வேண்டும். வழுவழுவென்ற திரையில் அப்போது பட்டை விழத்தான் விழும். இரட்டைப் படியாக இல்லாமல் ஒற்றைப் படியாக விழும், அவ்வளவுதான்.

ஆகவே பொடி தூவுவதைக் கடைசிக்கு வைத்தேன். முதலில் படத்தை வெட்டி, அச்சளவான 3600-க்கு 5400 புள்ளிக்குக் குறைத்தேன். பிறகு முகத்துக்கு லேசாகக் கூர்மை ஏற்றினேன். இந்த இரண்டையும் பொடிக்குப் பிறகு செய்யக் கூடாது. அளவைக் குறைத்தால் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பொடி கரைந்துவிடும். கூர்மை ஏற்றினாலோ ஒவ்வொரு பொடியும் மிளகாகிவிடும்.

பிறகு பின்திரை மட்டும் தேர்வில் இருக்க, `Filters > Noise > RGB Noise`. வருகிற பெட்டியில் இரண்டு டிக்கைப் பார்க்க வேண்டும். `Independent RGB` என்பதை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழுப்பேறிய பழைய படத்தில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி தெளிக்கும். `Correlated noise` என்பதிலும் டிக் இருக்கக் கூடாது. அது இருந்தால் வெளிச்சமான இடத்தில் அதிகமாகவும் இருட்டில் மிகக் குறைவாகவும் விழும். நமக்குப் பட்டை அதிகம் உறுத்துவதோ இருட்டு மூலையில்தான்.

எவ்வளவு தூவுவது? பட்டையை உடைக்க மட்டும் என்றால் ஜிம்பில் 0.01 பெரும்பாலும் போதும். ஆனால் இந்தப் படத்தில் இன்னொரு கணக்கும் இருந்தது. முகத்திலும் புடவையிலும் அசல் கிரெயின் அப்படியே இருக்கிறது. திரை மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தால், வேறு எங்கிருந்தோ வெட்டி ஒட்டின உருவம் மாதிரி அந்த அம்மாள் தனித்து நிற்பார். எனவே தோள் பக்கத்துக் கிரெயினுக்கு ஒத்துப்போகும் அளவு திரையிலும் இருக்க வேண்டும்.

இதைத் திரையில் பார்த்து முடிவு செய்ய எனக்கு நம்பிக்கை இல்லை. மலிவான மானிட்டர்கள் தாங்களாகவே பட்டையைக் காட்டுவதுண்டு. படம் முழுவதும் தெரியும்படி சுருக்கிப் பார்த்தால் பொடி கண்ணுக்குப் படவே படாது. நூறு சதவீத அளவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் இருட்டறைக் காலத்து டெஸ்ட் ஸ்டிரிப் முறையையே கையாண்டேன். தலையின் ஓரம், தோள், மேல் மூலை மூன்றும் வரும்படி ஒரு துண்டை அதே அளவில் வெட்டி, பொடி இல்லாமல் ஒன்று, பிறகு 0.01, 0.02, 0.04 என்று நான்கு துண்டையும் சாதாரண நாலுக்கு ஆறு தாளில் தனித்தனியாக அச்சிடக் கொடுத்தேன்.

லேபில் இருந்த பையன் நல்ல பையன். “அங்கிள், நாய்ஸ் இருக்கு படத்துல. ரிமூவ் பண்ணிரட்டுமா?” என்று கேட்டான்.

“வேண்டாம் தம்பி, நான்தான் போட்டேன். நீங்க எந்தத் திருத்தமும் பண்ணாம அப்படியே போடுங்க” என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

இதைச் சொல்லிவிடுவது முக்கியம். பல லேப்களில் ஃபைல் உள்ளே போனதும் மென்பொருள் தானாகவே வெளிச்சம் கூட்டி, நாய்ஸைத் துடைத்து, கூர்மை ஏற்றி அனுப்பும். நாம் தூவியதை அங்கே பெருக்கித் தள்ளிவிட்டால் பட்டை திரும்பவும் வந்து நிற்கும்.

நான்கு துண்டுகளையும் தலைமையாசிரியரிடமே கொடுத்து, எதில் என்ன என்று சொல்லாமல் சுவரில் ஒட்டி ஐந்தடி தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன். பொடி இல்லாததில் வட்டம் இருக்கிறது என்று உடனே சொன்னார். 0.04 போட்டதைக் கையில் எடுத்து, “இதுல தூசி படிஞ்சிருக்கு” என்றார். 0.01-க்கும் 0.02-க்கும் நடுவில் வெகுநேரம் நின்றார். கடைசியில் 0.02-ஐத் தொட்டு, “இதுதான் அந்தக் காலத்துப் போட்டோ மாதிரி இருக்கு சார்” என்றார். பெரிய பிரதி அந்த அளவிலேயே போட்டோம். நினைவு நாளன்று அவர் வீட்டுக் கூடத்தில் ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் இடத்தில் அது இருந்தது. வந்தவர்களில் ஒருவர்கூடப் பின்திரையைப் பற்றிப் பேசவில்லை. அந்த அம்மாளின் மூக்குத்தியைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஜேபெக் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜேபெக் ஃபைலைச் சிறிதாக்குவதே, கண்ணுக்கு அதிகம் தெரியாத நுணுக்கங்களைத் தூக்கி எறிவதன் மூலம்தான். எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து வேலை செய்யும். நாம் தூவிய மெல்லிய பொடிதான் அதன் கண்ணில் முதல் குப்பை. தரத்தை 70, 75 என்று வைத்துச் சேமித்தால் பொடி மறைந்து, பட்டை கட்டம் கட்டமாக, முன்னைவிட அசிங்கமாகத் திரும்பும். 95-க்குக் குறையாமல் வையுங்கள். ஃபைல் வழக்கத்தைவிடப் பெரிதாகும். ஒழுங்கில்லாததைச் சுருக்க முடியாது என்பதால் அது இயற்கை, பயப்பட வேண்டாம். லேபில் டிஃப் வாங்கிக்கொள்வார்களானால் இன்னும் உத்தமம். அதையும் பென் டிரைவில் கொடுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது அளவையும் குறைத்து, தரத்தையும் குறைத்து, இரண்டு வழியிலும் பொடியைக் காலி செய்துவிடும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்பலாம்.

அசல் பிரதி தொலைந்து, பட்டை விழுந்த ஜேபெக் மட்டுமே கையில் இருந்தால்? அப்படியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஓரளவு செய்யலாம். படத்தை முதலில் 16 பிட்டுக்கு மாற்றி, பட்டை விழுந்த பரப்பை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒரு பட்டையின் அகலத்துக்குக் குறையாத அளவில் மங்கலாக்க வேண்டும். 16 பிட்டில் இருப்பதால் படிகளுக்கு இடையே உண்மையான சரிவு உருவாகும். அதன்மேல் பொடி தூவிச் சேமிக்கலாம். வெறும் திரைக்கும் மேகமில்லாத வானத்துக்கும் இது சரிப்படும். கன்னத்திலோ நெற்றியிலோ பட்டை விழுந்திருந்தால் இந்த வழி உதவாது. அங்கே மங்கலாக்கினால் முகத்தின் வடிவமே போய்விடும். பட்டையின் உயரத்துக்குத் தக்கபடி, இரட்டைப் படியானால் இரட்டைப் பங்கு பொடி என்ற கணக்கில் தூவி மறைக்கத்தான் முடியும். கிட்டத்தில் பார்த்தால் சொரசொரப்பு தெரியும். அப்படிப்பட்ட படத்தைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டாகப் போடாமல் ஆறுக்கு எட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வது.